புரி பிரியும் நூலும் ஊசி முனையும்

தொண்ணூற்றிரண்டு கண்ணிகளோடு தொடங்கிய பின்னல் அது. ஒரு கார்டிகனின் முதுகுப் பக்கம். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, நேராகப் போய்க்கொண்டிருந்தது. முப்பத்தோராவது வரிசையில் சும்மா எண்ணிப் பார்த்தேன்: தொண்ணூற்று நான்கு. மறுபடி எண்ணினேன். அதே தொண்ணூற்று நான்கு.

எங்கிருந்து வந்தன அந்த இரண்டு கண்ணிகள் என்று தேடியபோதுதான் விஷயம் தெரிந்தது. நான் பின்னியது எட்டு மெல்லிய புரிகளைச் சேர்த்து முறுக்கிய பளபளப்பான பருத்தி நூல். ஊசி ஒரு கண்ணிக்குள் நுழையாமல், கண்ணியின் நூலையே குத்தி, ஐந்து புரிகள் ஒரு பக்கமும் மூன்று புரிகள் மறுபக்கமுமாகப் பிரித்துவிட்டது. ஐந்து புரிகளை ஒரு கண்ணியாகப் பின்னி இறக்கிவிட்டேன். இடது ஊசியில் மிச்சமிருந்த மூன்றையும் அடுத்த கண்ணி என்று நினைத்து அதிலும் ஒரு நிட், அதாவது நூலைப் பின்னால் வைத்துப் போடும் கண்ணி, போட்டிருக்கிறேன். இரண்டு இடங்களில் இப்படி. நான் அறியாமலே இரண்டு கண்ணிகளைக் கூட்டியிருக்கிறேன்.

பிரித்தெடுக்கலாம் என்று ஊசியை உருவி நூலை இழுத்தால், அதுவும் நேராக வரவில்லை. புரி பிரிந்த ஒவ்வோர் இடத்திலும் நூல் தனக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நின்றது. கம்பளி நூலில் ஒரே இழுப்பில் கலையும் வரிசைக்கு இதில் கால் மணி நேரம் ஆனது.

எனக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்த சித்தியிடம் போனில் புலம்பினேன். "ஊசியை மாத்திப் பாருடி, முனை ரொம்பக் கூரா இருக்கும்" என்றார். பாதி சரியான பதில் அது. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

முதலில் நூலைப் பற்றி. தனித்தனிப் புரிகளை ஒரு திசையில் முறுக்குகிறார்கள், பிறகு அவற்றைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குகிறார்கள். இரண்டு முறுக்குகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால்தான் நூல் பிரியாமல் நிற்கிறது. இந்த இரண்டாவது முறுக்கு தளர்வாக இருந்தால் புரிகள் கைகோக்காமல் பக்கத்தில் பக்கத்தில் சும்மா படுத்திருக்கும். கம்பளியில் இது அவ்வளவு தெரியாது. கம்பளி இழைக்குச் சுருளும் செதிலும் உண்டு, புரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இழுத்துவிட்டால் திரும்பச் சுருங்கும். பளபளப்பேற்றிய பருத்தியும் மூங்கில் விஸ்கோஸும் பட்டும் அப்படி இல்லை. வழுவழுப்பு அதிகம், மீள்தன்மை குறைவு. ஒருமுறை பிரிந்த புரி தானாகத் திரும்பி வந்து சேராது.

வாங்கும்போதே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நூலின் ஒரு துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, பக்கவாட்டில் உருட்டுங்கள். ஒரு பக்கம் உருட்டினால் முறுக்கு இறுகும், மறுபக்கம் உருட்டினால் தளரும். தளரும் பக்கம் அரைச் சுற்று உருட்டியதுமே புரிகள் விசிறி போல விரிந்துவிட்டால், அந்த நூல் ஊசியிலும் அப்படித்தான் நடந்துகொள்ளும். இரண்டு மூன்று சுற்று தாங்கினால் கவலை குறைவு. (லேபிளில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நூல்களில் '8 ப்ளை' என்பது தடிமனுக்கான பெயர், புரிகளின் எண்ணிக்கை அல்ல. அப்படி ஒரு நூலைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே நான்கு புரிகள்தான் இருந்தன. ஏமாற்றிவிட்டார்கள் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.)

சரி, நூல் அப்படிப்பட்டது, வாங்கியாகிவிட்டது. இனி என்ன செய்வது? ஊசியை மாற்றுவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். அதுதான் எனக்கு உதவியது. அதே நூலில், அதே 4 மி.மீ. ஊசியில், முப்பது கண்ணிகள் போட்டு இருபது வரிசை பின்னினேன். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல், அதாவது நூலை முன்னால் வைத்துப் போடும் கண்ணி. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் நிறுத்தி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, பிரிந்த இடங்களை ஒரு தாளில் குறித்தேன். மொத்தம் அறுநூறு கண்ணிகள், அவற்றில் நாற்பத்தொன்று பிரிந்திருந்தன. பார்த்துக்கொண்டே வந்தபோது பிரிவது ஒரே மாதிரி இல்லை என்று தெரிந்தது. இரண்டு வகை.

முதல் வகையில், ஊசி உள்ளே போகும்போது பழைய கண்ணியைக் குத்துகிறது. புதிய கண்ணி பழைய கண்ணியின் துளை வழியாக வராமல் புரிகளுக்கு நடுவிலிருந்து வந்திருக்கும். முன்பக்கம் பார்த்தால் கண்ணியின் அடியில் ஒன்றிரண்டு மெல்லிய புரிகள் குறுக்கே கோடு போட்டது போலத் தெரியும். ஊசியில் இருக்கும் புதிய கண்ணி முழுசாக இருக்கும், காயம் அதற்குக் கீழே. இரண்டாம் வகையில் உள்ளே போனது சரிதான், ஆனால் புதிய நூலை வெளியே இழுக்கும்போது முனை அந்த நூலைக் குத்திவிடுகிறது. எட்டில் ஆறு புரிகள் வெளியே வரும், இரண்டு பின்னால் தங்கிவிடும். ஊசியில் இருக்கும் கண்ணி இளைத்துத் தெரியும். ஊசிக்கு அந்தப் பக்கம் முடி போல ஒரு சின்ன வளையம் தொங்கும்.

என் நாற்பத்தொன்றில் இருபத்தாறு முதல் வகை, பதினைந்து இரண்டாம் வகை. அந்தப் பதினைந்தில் பன்னிரண்டு பர்ல் வரிசைகளில் நடந்தவை. இந்தக் கடைசி எண் அப்போது எனக்குப் புரியவில்லை.

இப்போது ஊசி. நான் வைத்திருந்தது, தண்டிலிருந்து முனைவரை மெலிந்துகொண்டே போகும் நீண்ட சரிவும் கூரான முனையும் கொண்ட உலோக ஊசி. லேஸ் பின்ன வாங்கியது. சித்தி சொன்னபடி அதே 4 மி.மீ. அளவில், முனை உருண்டையாகவும் சரிவு குட்டையாகவும் இருக்கும் ஓர் ஊசியை எடுத்து இன்னொரு அறுநூறு கண்ணி பின்னினேன். முதல் வகை இருபத்தாறிலிருந்து ஒன்பதாக இறங்கியது. இரண்டாம் வகை பதினைந்திலிருந்து பதினான்கு. அதாவது ஊசி ஒரு நோயைத்தான் தீர்த்தது, இன்னொன்றைத் தொடவே இல்லை.

காரணம் யோசித்தால் எளிது. புரிகளுக்கு இடையே இருக்கும் இடுக்கு மிகச் சிறியது. கூரான முனை கொஞ்சம் குறி தப்பினாலும் அந்த இடுக்கில் புகுந்துவிடும். உருண்டை முனைக்கு அதில் இடம் போதாது, நூலின் முதுகில் பட்டு வழுக்கிக்கொண்டு போய்த் துளையில் விழும். குறி தப்பினாலும் மன்னிக்கும் ஊசி அது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: துளை திறந்திருக்க வேண்டும். கண்ணி இறுக்கமாக ஊசியைக் கவ்விக்கொண்டிருந்தால் உருண்டை முனையால் உள்ளே போக முடியாது, நாம் அழுத்துவோம், அழுத்திய வேகத்தில் புரிகளைப் பிதுக்கிக்கொண்டு போகும். மிச்சமிருந்த ஒன்பதும் இப்படித்தான் ஆயின. இறுக்கமாகப் பின்னுகிறவர்கள் மழுங்கிய முனைக்கு மாறினால் எரிச்சல்தான் கூடும்.

கண்ணிகளைக் குறைக்கும் இடங்களிலும் உருண்டை முனை காலை வாரும். இரண்டு மூன்று கண்ணிகளைச் சேர்த்துப் பின்னவும், கண்ணியில் ஊசிக்குப் பின்னால் இருக்கும் பாதியில் நுழைக்கவும் கூர் வேண்டும். இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் செல்லாது. முனைகளைக் கழற்றி மாட்டும் வட்ட ஊசி இருந்தால், வலது பக்கத்துக்கு ஒரு முனை, இடது பக்கத்துக்கு வேறொரு முனை மாட்டலாம். நுழைவதும் நூலை இழுப்பதும் வலது முனைதான், அதனால் உருண்டையானது வலதுக்கு. கண்ணியைத் தூக்கித் தாண்டவிடுவது, திருப்பி ஏற்றுவது போன்ற வேலைகளுக்கு இடது முனை உதவும், அது கூராக இருக்கலாம். தொப்பி, காலுறை மாதிரி வட்டமாகப் பின்னும்போதுதான் இது பலிக்கும். திருப்பித் திருப்பி நேர்வரிசை பின்னினால் ஒவ்வொரு வரிசைக்கும் முனைகள் கை மாறிவிடும். நான் இதை மறந்து கார்டிகனில் முயன்று, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை மட்டும் ஏன் பிரிகிறது என்று விழித்தேன்.

மூங்கில், மர ஊசிகளைப் பற்றி ஒரு சொல். வழுக்கல் குறைவு என்பதால் வழுவழுப்பான நூலுக்கு நல்லவை. ஆனால் பழகப் பழக முனையில் சிலும்பு எழும். அது புரியைப் பிரிப்பதைவிட மோசமாக, புரிக்குள் இருக்கும் இழைகளையே பிடித்து இழுக்கும். மெல்லிய நைலான் துணியில் முனையை உரசிப் பார்த்தால் மாட்டுகிறதா என்று தெரியும். மாட்டினால் 600 அல்லது அதற்கும் நைசான உப்புத்தாளில் தேய்த்து, கொஞ்சம் மெழுகு பூசித் துடைத்தால் போதும்.

இனி கை. இங்கேதான் எனக்கு அதிகம் கற்க வேண்டியிருந்தது.

முதல் வகைக்கு: ஊசியைக் கண்ணியை நோக்கிக் குத்தாமல், இடது ஊசியை உரசிக்கொண்டே போகவேண்டும். கண்ணி இடது ஊசியைச் சுற்றித்தான் உட்கார்ந்திருக்கிறது. வலது முனை இடது ஊசியின் தண்டைத் தொட்டபடியே வழுக்கினால், முனைக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு புரிகூட இருக்க இடமில்லை, எட்டுப் புரிகளும் முனைக்கு மேலேதான் இருந்தாக வேண்டும். எல்லாம் இந்த ஒரு தொடுகையில் இருக்கிறது. நான் அதுவரை ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஆகாயத்திலிருந்து குறிபார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைப் பின்னலிலிருந்து எடுத்தால் குறி தப்பும். உரசிக்கொண்டு போகும்போது கண்ணே தேவையில்லை, உலோகம் உலோகத்தில் படுவது விரலுக்குத் தெரிகிறது.

உரசிக்கொண்டு போக, கண்ணிக்கும் தண்டுக்கும் இடையே கொஞ்சம் இடம் வேண்டுமே. அது முந்தின வரிசையிலேயே தீர்மானமாகிவிடும். புதிய கண்ணியைச் சரிவின் மேலேயே இறுக்கினால் அது சரிவின் பருமனுக்குத்தான் உருவாகும், பிறகு தண்டுக்கு நகர்த்தும்போது கவ்விப் பிடிக்கும். நீண்ட சரிவுள்ள ஊசியில் இந்தத் தப்பு நடப்பது சுலபம். நூலைச் சுற்றியதும் வலது ஊசியை முழுப் பருமன் வரை உள்ளே விட்டு, அங்கே கண்ணி அமர்ந்த பிறகு நூலை இழுக்கவேண்டும். அப்புறம் இடது கையில் அடுத்த கண்ணியை எங்கே வைத்திருக்கிறோம் என்பதும் முக்கியம். முனையிலிருந்து வெகுதூரம் பின்னால் இருந்தால் அதை முன்னால் இழுத்து நீட்டித்தான் பின்னுவோம். நீட்டிய நூல் தட்டையாகும், புரிகள் பக்கவாட்டில் பரவும், குத்துவதற்கு வசதியான இலக்காகிவிடும். சரிவு தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் இரண்டு மூன்று கண்ணிகளை நிறுத்தி, மற்றவற்றை அவ்வப்போது கட்டைவிரலால் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தால் இது நேராது.

இரண்டாம் வகையின் கதை வேறு. நான் நூலை இடது கையில் பிடிப்பவள், விரலில் தொங்கும் நூலை ஊசி முனையால் வாரி எடுப்பேன். வலது கையால் நூலை எடுத்து ஊசியைச் சுற்றிப் போடுகிறவர்களுக்கு இந்த வகை குறைவு, ஏனென்றால் நூலை ஊசியின் மேல் வைப்பது கைதான், முனைக்கு அதைத் தேடிப் போகும் வேலை இல்லை. என்னைப் போல் வாரி எடுப்பவர்கள் முனையை நூலை நோக்கிச் செலுத்துகிறோம். நூல் விறைப்பாக நிற்கிறது, முனை அதன் நடுவில் படுகிறது.

மருந்து இதுதான்: நூலை முனையால் எடுக்காதீர்கள், தண்டால் எடுங்கள். முனை நூலைத் தாண்டி ஒரு சென்டிமீட்டராவது போகட்டும். நூல் ஊசியின் பருத்த பகுதியில் குறுக்காக அமர்ந்ததும், முனையைச் சற்றே கீழ்நோக்கித் திருப்பி வெளியே கொண்டுவாருங்கள். எட்டுப் புரிகளும் ஒரே கட்டாகத் தண்டோடு ஒட்டிக்கொண்டு வரும்.

பர்லில் ஏன் பன்னிரண்டு என்பதற்கும் இங்கேதான் விடை. நிட்டில் நூல் ஊசிக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கடக்கும். பர்லில் நூல் முன்னால் இருக்கிறது, என் ஆள்காட்டி விரல் ஊசியின் போக்கிலேயே நீண்டிருக்கிறது, ஆக நூலும் ஊசியும் ஏறக்குறைய இணையாகப் படுத்திருக்கின்றன. அந்த நிலையில் முனையைப் பின்னுக்குத் தள்ளினால் அது நூலை நீளவாக்கில் பிளக்கும், விறகைப் பிளப்பது போல. இப்போது பர்ல் போடும்போது ஆள்காட்டி விரலைக் கீழே மடக்கி, நூல் ஊசியைச் செங்குத்தாகக் கடக்கும்படி இழுத்துப் பிடிக்கிறேன், கண்ணி வெளியே வரும்வரை விரலை எடுப்பதில்லை. முதல் இரண்டு நாள் வேகம் பாதியாகிவிட்டது, விரல் வலித்தது. பிறகு பழகிவிட்டது.

மூன்றாவது முறை அறுநூறு கண்ணி. உருண்டை முனை, புதிய கைப்பழக்கம். முதல் வகை மூன்று, இரண்டாம் வகை நான்கு. மறுபடி கூரான ஊசியை எடுத்து, கைப்பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு பின்னியபோது மொத்தம் பதினொன்று. சித்தியிடம் இதைச் சொன்னபோது, "நான் சொன்னேன்ல" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, சிறியது, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது. அதே நூல், அதே கை, அதே ஊசி, ஆனாலும் சில நாள் அதிகமாகப் பிரியும். நூல்கண்டின் நடுவிலிருந்து இழுப்பது அதற்கு ஒரு காரணமாகலாம். கண்டை உருட்டிவிட்டு வெளிச்சுற்றைப் பக்கவாட்டில் எடுத்தால் நூலின் முறுக்கு மாறாது. கண்டை அசையாமல் வைத்து மேல்நோக்கி உருவினால், அவிழும் ஒவ்வொரு சுற்றும் நூலில் ஒரு சுற்று முறுக்கைக் கூட்டும் அல்லது குறைக்கும். கைக்கடக்கமான கண்டில் ஒரு சுற்று ஏறக்குறைய 25 செ.மீ., அந்த நீளத்தில் என் நூலுக்கு முப்பத்தைந்து சுற்று முறுக்கு இருந்தது. ஒன்று குறைவது பெரிய விஷயம் இல்லை. ஆனால் விரலில் சுற்றிப் பிடித்திருக்கும் நூல் அந்த மாற்றத்தைத் தாண்டவிடுவதில்லை. அது விரலுக்கும் கண்டுக்கும் நடுவே இருக்கும் அரை மீட்டரில் சேர்ந்துகொண்டே வரும். தொடக்கத்தில் 5 செ.மீ.க்கு ஏழு சுற்று இருந்த இடத்தில், சில வரிசைகள் கழித்து ஆறுதான் எண்ணினேன்.

குறைகிறது என்று தெரிந்தால் கண்டைத் தலைகீழாகத் திருப்பி மறுபக்கத்திலிருந்து அதே முனையை உருவுங்கள், குறைத்தது கூட்டத் தொடங்கும். கை சுற்றும் விதமும் இதில் சேர்ந்துகொள்ளும் என்பதால், உங்களுக்கு எந்தப் பக்கம் என்று எண்ணித்தான் பார்க்கவேண்டும். அதிகம் கூடினால் நூல் தனக்குத்தானே சுருண்டு முடிச்சு விழும். அப்போது கண்டில் ஓர் ஊசி குத்தி நூல் அவிழாமல் நிறுத்தி, தொங்கவிட்டால் தானே சுழன்று சமநிலைக்கு வந்துவிடும்.

பிரிந்ததைச் சரிசெய்வது பற்றி. அதே வரிசையில் கண்டால் அந்தக் கண்ணியை மட்டும் இறக்கி, ஒரு குரோஷே ஊசியால் எட்டுப் புரிகளையும் சேர்த்து எடுத்து ஏற்றினால் முடிந்தது. பத்து வரிசை கீழே இருந்தால் அந்தக் கண்ணிக்கு நேர் மேலே இருக்கும் பத்தையும் ஏணி போல இறக்கி மறுபடி ஏற்றவேண்டும். இரண்டாம் வகையில், பின்பக்கம் தொங்கும் சின்ன வளையம் மட்டும்தான் குறை என்றால், நான் பல சமயம் விட்டுவிடுகிறேன். அணியும்போது நகமோ மோதிரமோ மாட்டக்கூடிய முன்பக்கத்தில் இருந்தால் விடுவதில்லை. ஒரு எச்சரிக்கை: கண்ணி கண்ணியாகத் திரும்ப அவிழ்க்கும்போதுதான் புரி அதிகம் பிரியும். நுழைய வேண்டியது ஊசியில் இருக்கும் கண்ணிக்குள் அல்ல, அதற்குக் கீழே இருப்பதற்குள். அது இறுகிப் படிந்திருக்கும், இடது ஊசியை உரசிக்கொண்டு போகும் தந்திரம் அங்கே பலிக்காது. அந்த வேலைக்கு மட்டும் உருண்டை முனையோடு ஒரு எண் சிறிய ஊசியை எடுத்துக்கொள்கிறேன்.

கார்டிகனின் முதுகை முழுவதும் அவிழ்த்து மறுபடி பின்னினேன். தொண்ணூற்றிரண்டு கடைசிவரை தொண்ணூற்றிரண்டாகவே இருந்தது. இடது அக்குளுக்குக் கீழே, உள்பக்கத்தில், இரண்டு புரி வெளியே தெரியும் கண்ணி ஒன்று இருக்கிறது. தோள்களைத் தைத்து முடித்த பிறகுதான் பார்த்தேன்.